டாட் காம், டாட் ஆர்க், டாட் இன்: முகவரியின் முடிவு எதற்குச் சாட்சி?

கேள்வி: அண்ணாச்சி, டாட் காம்னா கம்பெனி, டாட் ஆர்க்னா சேவை அமைப்பு, டாட் இன் இருந்தா நம்ம நாட்டு சைட்டு, பயமில்லாம நம்பலாம்னு எங்க அம்பாசமுத்திரத்துல எல்லாரும் சொல்லுதாவ. நேத்து கரண்டு பில் கட்டச் சொல்லி ஒரு மெசேஜ் வந்துச்சு, லிங்க்ல டாட் ஆர்க்னு இருக்கு. ஈ.பி. கவர்மெண்டு தானே, அது எப்படி டாட் ஆர்க்? முடிவை வச்சு எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

பதில்:

முடிவு உறுதியாகச் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான். அந்தப் பெயரைக் கொடுத்த இடம், கொடுப்பதற்கு முன் "நீங்கள் யார், இந்த முடிவுக்கு உங்களுக்கு என்ன தகுதி?" என்று கேட்கும் இடமா, கேட்காத இடமா என்பது மட்டுமே அது. `.com`, `.org`, `.net`, `.in`, `.co.in` எல்லாம் தகுதி கேட்காத இடங்கள். பெயர், முகவரி, போன் நம்பர் கேட்பார்கள். அடையாளச் சான்றுகூடக் கேட்கலாம். ஆனால் கம்பெனியா, டிரஸ்டா, தனி ஆளா என்று பார்த்துக் கொடுப்பதில்லை. `gov.in`, `nic.in`, `ac.in`, `bank.in` ஆகியவை தகுதி கேட்கும் இடங்கள்.

நெல்லை டவுனில் போர்டு எழுதுகிறவரிடம் போய் "ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா" என்று எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருவார். அல்வாவைத் தின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று சொல்ல மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. அதே தெருவில் "நியாய விலைக் கடை" என்று போர்டு வைக்க வேண்டுமென்றால் பின்னால் ஓர் அரசாணை இருக்க வேண்டும். டாட் காமும் டாட் ஆர்க்கும் முதல் வகை. `gov.in` இரண்டாவது வகை. ஆனால் நியாய விலைக் கடை போர்டு உண்மையாக இருந்தாலும், அன்றைக்குப் போட்ட அரிசி எப்படி என்பதை அந்த போர்டு சொல்லாது. இதையும் மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

டாட் ஆர்க் என்றால் சேவை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பணத்தை இழக்கிறவர்களில் பலர் இந்த எண்ணத்தில்தான் இழக்கிறார்கள். இந்த முடிவுகளுக்கான திட்டம் 1984 அக்டோபரில் எழுதப்பட்டது. வணிகத்துக்கு `.com`, கல்விக்கு `.edu`, அரசுக்கு `.gov`, ராணுவத்துக்கு `.mil` என்று பிரித்தார்கள். எதிலும் அடங்காத மற்ற அமைப்புகளுக்கு என்று விட்ட மிச்சக் கூடைதான் `.org`. 1994-ல் வந்த விளக்கக் குறிப்பும் வேறெங்கும் பொருந்தாத அமைப்புகளுக்கு என்றுதான் சொல்கிறது. சேவை, தர்மம் என்ற நிபந்தனை அதில் கிடையாது. தொண்டு நிறுவனங்கள் பலவும் அதை விரும்பி எடுத்துக்கொண்டதால் நாளடைவில் அப்படி ஒரு முகம் அதற்கு வந்துவிட்டது. 2003 முதல் `.org`-ஐ நிர்வகிக்கும் பதிவகம் லாப நோக்கமில்லாத அமைப்புதான். அது பதிவகத்தின் குணம், அதில் பெயர் வாங்குகிறவரின் குணம் அல்ல. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கட்டினால் போதும். பாளையங்கோட்டையில் இருக்கும் கந்துவட்டிக்காரரும் `.org` வாங்கலாம், பாபநாசத்தில் அன்னதானம் போடுகிறவரும் வாங்கலாம்.

`.edu`, `.gov`, `.mil` மூன்றும் அப்படியில்லை. அவை தகுதி பார்த்துக் கொடுக்கப்படுபவை, ஆனால் அமெரிக்காவுக்கு மட்டும். `.gov` என்று மட்டும் முடிந்து பின்னால் `.in` இல்லையென்றால் அது அமெரிக்க அரசுத் தளம். "இந்திய அரசின் உதவித்தொகை" என்று சொல்லும் பக்கம் ஒருநாளும் வெறும் `.gov`-ல் இருக்காது.

இப்போது கரண்டு பில்லுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் ஒரு பகுதி நியாயமான சந்தேகம். தமிழ்நாட்டு மின் பகிர்மானக் கழகத்தின் அதிகாரபூர்வத் தளம் உண்மையிலேயே `tnpdcl.org`. அதற்கு முன்பு `tangedco.org` இருந்தது. பில் கட்டும் பக்கம் பல ஆண்டுகளாக `tnebnet.org`-ல் இருந்தது. எல்லாமே `.org`. அதேபோல அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் முன்பதிவு `tnstc.in`, ரயில் டிக்கெட் `irctc.co.in`. மூன்றுமே யாரும் வாங்கக்கூடிய முடிவுகள்தான். ஆகவே "gov.in இருந்தால்தான் அரசு, மற்றதெல்லாம் போலி" என்ற சூத்திரம் நம் ஊரில் செல்லாது. அதை நம்பினால் உண்மையான ஈ.பி. பக்கத்தையே போலி என்று ஒதுக்குவீர்கள். "ஈ.பி. டாட் ஆர்க்தான், அதனால் டாட் ஆர்க் வந்தால் சரி" என்ற சூத்திரம் அதைவிட ஆபத்து. இந்த இடங்களில் முடிவை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முடிவும் அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் பெயரும் சேர்ந்ததுதான் அடையாளம். `tnpdcl` + `.org` என்ற ஜோடி உலகத்தில் ஒன்றுதான். ஆனால் `tnpdcl` என்ற எழுத்துகளை வேறு நூறு முடிவுகளோடு சேர்த்து யார் வேண்டுமானாலும் வாங்க முடியும்.

இது போன்ற மோசடி மெசேஜ்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வரும்: "உங்கள் போன மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே புதுப்பிக்கவும்." கீழே ஒரு லிங்க். நம் வீடுகளில் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. "போன மாத பில்" என்று எழுதும்போதே எழுதியவருக்கு நம் ஊர் வழக்கம் தெரியவில்லை என்பது புரிந்துவிடும். லிங்க் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
https://tnpdcl.org.bill-update.example/tnebnet.org/pay.html
```

(`.example` என்பது உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முடிவு, யாரும் வாங்க முடியாது. நிஜ மெசேஜில் அந்த இடத்தில் `.top`, `.xyz`, `.com`, `.in` என்று எதுவும் இருக்கும்.)

தமிழையோ ஆங்கிலத்தையோ படிப்பது போல இடமிருந்து படித்தால் முதலில் கண்ணில் விழுவது `tnpdcl.org`. ஏமாற்றுகிறவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். இணைய முகவரியை வலமிருந்து படிக்க வேண்டும். முதலில் `https://` என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இங்கே அது `example`-க்கு அடுத்து வருகிறது. அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எதையும் நம்ப வேண்டாம். `tnebnet.org/pay.html` என்பது அந்தத் தளத்துக்காரர் தன் வீட்டுக்குள் ஒரு அறைக்கு வைத்த பெயர். தன் வீட்டு அறைக்கு யாரும் "கலெக்டர் ஆபீஸ்" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இப்போது சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாக நடங்கள். முதலில் வருவது `example`, இதுதான் முடிவு. அடுத்தது `bill-update`, இதுதான் காசு கொடுத்து வாங்கிய பெயர். அதற்கும் இடப்பக்கம் இருக்கும் `org`, `tnpdcl` இரண்டும் அந்தப் பெயரை வாங்கியவர் இலவசமாகத் தன் இஷ்டத்துக்கு முன்னால் சேர்த்துக்கொண்டவை. எனவே இந்த முகவரியின் சொந்தக்காரர் `bill-update.example`. ஈ.பி.க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

போனில் இன்னொரு சிக்கல் உண்டு. திரை குறுகலாக இருப்பதால் நீளமான முகவரி முழுசாகத் தெரியாது, ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். முகவரிப் பட்டையைத் தொட்டு, விரலால் நகர்த்தி, அந்த முதல் சாய்கோடு வரை பாருங்கள். லிங்கைத் திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டுமென்றால் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் முழு முகவரியும் வரும். மெயிலில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் மெயிலில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்றாகவும் உள்ளே இருக்கும் லிங்க் வேறொன்றாகவும் இருக்கலாம். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் `@` என்ற குறி இருந்தால், அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் கணக்கில் சேராது. `https://tnpdcl.org@bill-update.example/` என்பதும் `bill-update.example`-க்குத்தான் போகும்.

கடைசியில் வரும் `.html`, `.php`, `.pdf` போன்றவை தளத்தின் முடிவே அல்ல, கோப்பின் வகை. அந்த இடத்தில் `.apk` இருந்தால் மட்டும் உடனே கையை எடுத்துவிடுங்கள். அது பில் அல்ல, உங்கள் போனில் ஏற்றச் சொல்லும் ஒரு செயலி.

தகுதி கேட்கும் முடிவுகளில் நமக்கு அடிக்கடி பயன்படுவது `gov.in`. இதைக் கொடுப்பது தேசியத் தகவலியல் மையம், அதாவது என்.ஐ.சி. அரசுத் துறையின் கடிதம் இல்லாமல் கிடைக்காது. பட்டா, சிட்டா பார்க்கும் `eservices.tn.gov.in`, பத்திரப் பதிவுக்கான `tnreginet.gov.in`, தேர்வாணையத்தின் `tnpsc.gov.in` எல்லாம் இதில் அடக்கம். மாவட்டத் தளங்கள் `nic.in`-ல் இருக்கின்றன: நம் மாவட்டத்துக்கு `tirunelveli.nic.in`, 2019-ல் பிரிந்து போன தென்காசிக்கு `tenkasi.nic.in`. இதிலும் அதே வலமிருந்து படிக்கும் விதிதான். சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக `.gov.in` என்று, நடுவில் புள்ளியோடு இருக்க வேண்டும். `gov-in` என்று கோடு போட்டு, பின்னால் `.com` இருந்தால் அது டாட் காம். `govt.in` என்று எழுதியிருந்தால் அது யாரும் வாங்கக்கூடிய `.in`. `.in.net` என்று முடிவதும் உண்டு. பார்க்க இந்தியா போலத் தெரியும், ஆனால் அது ஒரு தனியார் நிறுவனம் விற்கும் பெயர், நம் நாட்டுப் பதிவகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ரேஷன் அரிசி பற்றி மேலே சொன்னது இங்கேதான் பொருந்தும். `gov.in` உறுதி கொடுப்பது பெயர் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே. அந்தப் பக்கத்தில் இன்றைக்கு இருப்பதை அந்தத் துறைதான் எழுதியது என்பதற்கு அல்ல. கவனிப்பாரில்லாத அரசுத் தளங்களிலும் கல்லூரித் தளங்களிலும் யாரோ உள்ளே புகுந்து ரம்மி, சூதாட்ட விளம்பரப் பக்கங்களைச் செருகிவைப்பது நாடு முழுக்க நடந்திருக்கிறது. முகவரி அசலாக இருக்கும், பக்கம் திருட்டுப் பக்கமாக இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கூகுளில் ஓர் அரசு முகவரியின் கீழ் பந்தயம், கடன், மருந்து பற்றிய தலைப்பு தெரிந்தாலோ, திறந்ததும் வேறொரு முகவரிக்குத் தானாகத் தாவினாலோ அது புகுந்தவர் வேலை. அங்கே எதையும் நிரப்பாமல் வெளியே வந்துவிடுங்கள். அதே துறையின் முதல் பக்கத்தைக் கையால் தட்டச்சு செய்து போனால் அசல் பக்கம் வரும்.

வங்கிகளுக்கு இப்போது நல்ல வழி ஒன்று பிறந்திருக்கிறது. ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு முடிவில் இருந்ததுதான் இத்தனை நாள் பெரிய தொல்லை. ஒன்று `.com`, ஒன்று `.in`, ஒன்று `.co.in`. ஸ்டேட் பேங்க் தனக்கென்றே `.sbi` என்று ஒரு முடிவையே வைத்திருந்தது. வாடிக்கையாளர் எதை நினைவில் வைப்பது? 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் `bank.in`-க்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இதைப் பதிவுசெய்து கொடுப்பது ரிசர்வ் வங்கி நிறுவிய ஐ.டி.ஆர்.பி.டி. என்ற ஒரே நிறுவனம். வங்கி அல்லாதவருக்குக் கிடைக்காது. ஸ்டேட் பேங்க் இப்போது `sbi.bank.in`. இதில் கவனிக்க வேண்டியது ஒரு புள்ளி. `பெயர்.bank.in` என்று `bank`-க்கு முன்னால் புள்ளி இருந்தால் வங்கி. `பெயர்bank.in` என்று ஒட்டியோ `பெயர்-bank.in` என்று கோடு போட்டோ இருந்தால் அது சாதாரண `.in`, யாரும் வாங்கலாம். பாஸ்புக்கில் பெயர் எழுதுவதைவிட அதிகக் கவனம் இந்த ஒரு புள்ளிக்கு வேண்டும். வீட்டில் வயதானவர்கள் போனில் வங்கி பார்க்கிறவர்களாக இருந்தால், அவர்களுக்கு வேறெதையும் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் இந்தப் புள்ளியைக் காட்டிக்கொடுங்கள்.

கல்லூரிக்கு `ac.in`, கல்வி நிறுவனங்களுக்குப் பொதுவாக `edu.in`. இரண்டையும் கொடுப்பது எர்னெட் என்ற அரசு சார் அமைப்பு. நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதம் கேட்கும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் `msuniv.ac.in`. ஆனால் இது ஒருபக்க விதி. `ac.in` இருந்தால் பெயர் வாங்கும்போது காகிதம் பார்த்தார்கள் என்று பொருள். இல்லாவிட்டால் போலிக் கல்லூரி என்று பொருள் இல்லை, நல்ல கல்லூரிகள் பலவும் டாட் காமில் இருக்கின்றன. தவிர, ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதை முடிவு சொல்லவே சொல்லாது. அதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

நாட்டு முடிவுகளுக்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு. புள்ளிக்குப் பிறகு இரண்டே ஆங்கில எழுத்து என்றால் அது ஒரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ ஒதுக்கப்பட்டது. ஆனால் ஒதுக்கப்பட்டது வேறு, அங்கிருந்து நடத்தப்படுவது வேறு. `.tv` துவாலு என்ற சின்னத் தீவு நாட்டுக்கு உரியது, வாங்குகிறவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள். `.ai` அங்குவில்லா தீவு, `.co` கொலம்பியா. `.co`-வுக்கும் `.co.in`-க்கும் நடுவில் இருப்பது, கொலம்பியாவுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தூரம். ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகள் அங்கே தொடர்பு உள்ளவருக்குத்தான் தங்கள் முடிவைக் கொடுக்கின்றன. நம் `.in` அப்படியில்லை. 2005 ஜனவரியில் பதிவு தாராளமாக்கப்பட்டதிலிருந்து வெளிநாட்டுக்காரரும் வாங்கலாம். எனவே `.in` என்று பார்த்து "நம்ம ஊர் ஆள், ஏதாவது ஆனால் போய்க் கேட்கலாம்" என்று நினைக்க முடியாது. சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் முடிவு சொல்லாது. `.in` தளம் சிங்கப்பூர் சர்வரில் இருக்கும், `.com` தளம் சென்னை சர்வரில் இருக்கும். "பத்தமடைப் பாய், நேரடியாக நெசவாளரிடமிருந்து" என்று ஒரு `.in` தளம் சொன்னால், பாய் பத்தமடையிலிருந்து வருகிறதா என்பதை அதில் இருக்கும் முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் தொலைபேசியில் பேசும் ஆளும்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

நாட்டு முடிவுகளில் நம் மொழிக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. `.இந்தியா`, `.இலங்கை`, `.சிங்கப்பூர்` மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கும் உண்மையான முடிவுகள். சில திரைகளில் `.இந்தியா` என்பது `xn--xkc2dl3a5ee0h` என்று தெரியும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்தை உள்ளே கடத்துவதற்கு இணையம் வைத்திருக்கும் மாற்றெழுத்து அது.

டாட் ஆர்க்கில் இன்னொரு குழி இருக்கிறது, இதில் நல்லவர்கள்தான் விழுகிறார்கள். ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ கோவில் டிரஸ்டோ `.org` வாங்குகிறது. சைட் செய்து கொடுத்த பையன் தன் மெயிலைக் கொடுத்துப் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விடுகிறான். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் எல்லாம் அவன் பார்க்காத மெயிலுக்குப் போகும். `.com`, `.org` பெயர் காலாவதியானால் உடனே பறிபோகாது. வாங்கிய கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரை பழைய விலைக்கே புதுப்பிக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் கனமாக இருக்கும். பிறகு 5 நாள் பூட்டு. அதன்பின் யாருக்கும் திறந்தது. ஆனால் சில கம்பெனிகள் முதல் கட்டத்திலேயே ஏலத்துக்குக் கொண்டுபோய்விடுவதால் முழு 80 நாளையும் நம்பி உட்காரக் கூடாது. பழைய பெயருக்கு ஏற்கெனவே பல இடங்களிலிருந்து லிங்க் இருப்பதால் சூதாட்டக்காரர்கள் இதற்கென்றே காத்திருந்து வாங்குவார்கள். நேற்றுவரை பள்ளி ஆண்டு விழாப் படங்கள் இருந்த முகவரியில் இன்று பந்தய விளம்பரம் இருந்தால் பெரும்பாலும் நடந்தது இதுதான். முடிவு மாறவில்லை, பெயர் மாறவில்லை, ஆள் மாறிவிட்டார். சங்கத்துக்குப் பெயர் வாங்கும்போது தனி ஆளின் மெயிலைக் கொடுக்காமல் சங்கத்தின் பொது மெயிலைக் கொடுப்பதும், ஒரே தடவையில் ஐந்து ஆண்டுக்குக் கட்டிவிடுவதும் இதைத் தவிர்க்கும்.

ஆள் மாறியிருக்கிறாரா, தளம் எத்தனை நாள் பழசு என்பதைப் பார்க்க `lookup.icann.org` என்ற பக்கத்தில் பெயரை மட்டும் கொடுங்கள். `.in` பெயர்களுக்கு நம் பதிவகத்தின் `registry.in` பக்கத்தில் தேடலாம். கணினியில் லினக்ஸ் அல்லது மேக் இருந்தால் ஒரே வரி:

```
whois tnpdcl.org
```

வரும் நீளமான பட்டியலில் `Creation Date` என்ற வரியை முதலில் பாருங்கள், அது பெயர் பதியப்பட்ட நாள். "இருபது வருடப் பாரம்பரியம்" என்று சொல்லும் கடையின் பெயர் போன வாரம் பதியப்பட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். மோசடித் தளங்கள் பெரும்பாலும் சில நாள், சில வாரம் வயதானவையாகவே இருக்கும், ஏனென்றால் புகார் வந்ததும் முடக்கப்பட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். முதல் ஆண்டுக்கு மலிவாகக் கிடைக்கும் புது முடிவுகளை அவர்கள் விரும்புவதும் அதனால்தான். ஆனால் நாள் பழசாக இருந்தால் நல்ல தளம் என்று முடிவுகட்ட முடியாது. ஏலத்தில் கைமாறிய பெயர் பழைய தேதியோடேயே வரும். `Registrant` என்ற வரியில் சொந்தக்காரர் பெயர் மறைக்கப்பட்டிருந்தால் அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபிறகு பெரும்பாலான பெயர்களுக்கு இப்படி மறைப்பது வழக்கமாகிவிட்டது. பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் பயன் குறைவு. அது உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும் சொல்கிறது. எதிர்முனையில் இருப்பவர் திருடன் என்றால், திருடனோடு ரகசியமாகப் பேசுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

உங்களுக்கு வந்த லிங்கை இதே முறையில் வலமிருந்து படியுங்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசி இரண்டு துண்டுகள் `tnpdcl` `org` என்று எழுத்து பிசகாமல் இருந்தாலும், அந்த லிங்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. `tnpdcl.org` என்று நீங்களே தட்டச்சு செய்து போங்கள், அல்லது எப்போதும் பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலியில் மின்சாரப் பகுதியில் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பாக்கி இருந்தால் அங்கே காட்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குக் கூப்பிடுங்கள். மெசேஜில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அல்ல.

ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிட்டு, `cybercrime.gov.in`-ல் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். மெசேஜை அழிக்க வேண்டாம். லிங்கை முழுசாக நகலெடுத்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, வெட்டுப்பட்ட முகவரியை வைத்து எதையும் தேட முடியாது. அந்தப் பெயரை `whois`-ல் கொடுத்தால் `Registrar Abuse Contact Email` என்று ஒரு வரி வரும். அது பெயரை விற்ற கம்பெனியின் புகார் மெயில். முழு லிங்கையும் மெசேஜின் நகலையும் அங்கே அனுப்பினால் அவர்கள் அந்தப் பெயரை முடக்க முடியும். அதே மெசேஜ் கல்லிடைக்குறிச்சியில் இன்னொருவருக்குப் போய்ச் சேரும்போது லிங்க் திறக்காது.